எதிராளிக்கு நாற்காலி போடும் கட்டுரை

“...அதைத்தான் கேட்கிறேன். எப்போதும் உண்மை சொல்ல வேண்டியதில்லை என்று நீரே முடித்து எழுதியிருக்கிறீர். அப்படியிருக்க, இதை நானே எழுதினேன் என்று நீர் சொல்வதை மட்டும் நான் எப்படி நம்புவது?”

மதர் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றேன். அவர் பெல்ஜியத்திலிருந்து வந்தவர். தமிழை ஜெபப் புத்தகத்தில் படித்துக்கொண்டதால் எல்லோரையும் ‘நீர்’ என்பார். கோபம் வந்தால் அந்தத் தமிழ் இன்னும் சுத்தமாகிவிடும். அன்றைக்கு மிகவும் சுத்தமாக இருந்தது.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில், அவர் தலைவியாக இருந்த கான்வென்டில் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பாடம் நடக்கும்போது, அவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள என்னைப் பின் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்தவளுக்குக் காது சும்மா இருக்குமா? பிள்ளைகள் மறந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. பழைய பாடப் புத்தகங்களை வாங்கிக்கொண்டுபோய் லாந்தர் வெளிச்சத்தில் படித்தேன். இலக்கணம் ஓரளவுக்குப் பிடிபட்டது. கட்டுரைதான் பிடிபடவில்லை.

அந்த வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. அவர் இடத்துக்கு வருகிறவருக்கு முழுச் சம்பளமும், கான்வென்ட் மதிலோடு ஒட்டி ஓர் அறையும் உண்டு. என் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. வேலையிலிருந்து நிற்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து வீடு தோட்டத்து வேலைக்குத்தான். வேலை போனால் வீடும் போகும். அரசாங்க உத்தியோகம் என்று எங்கேயும் போய் நிற்க முடியாது. எங்களைப் போலப் பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு அந்தக் கதவை எப்போதோ சாத்திவிட்டார்கள். ஆகவே அந்த ஓர் அறைதான் அப்பா, அம்மா, நான் என்று எங்கள் மூன்று பேருக்கும் மீதியிருந்த இடம். நானும் விண்ணப்பித்தேன். “உண்மையை எப்போதும் சொல்ல வேண்டுமா?” என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னார் மதர்.

எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் இந்த விசாரணை.

“உம்முடைய கட்டுரையின் திட்டம் மிக நேராக இருக்கிறது. பின் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இவ்வளவு நேராக வராது. இதன் வரைவு எங்கே?”

“அடுப்புக்குப் போயிருச்சுங்க மதர். வெறகு ஈரம். பத்த வைக்க வேற தாள் இல்ல.”

“எரிந்துவிட்டது. நல்லது,” என்றார். “கடைத்தெருவில் பிரெஞ்சு படித்த துணிக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறாராமே?”

யார் சொல்லியிருப்பார்கள்? தையல் டீச்சர் முகம்தான் கண்ணில் வந்தது. வேறு யார் முகமும் வரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கிறவர் போதும் என்பாள் என் அம்மா.

துணிக்கடைக்காரர் இருந்தது உண்மை. காரைக்கால்காரர், முஸ்லிம். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் போனவர். சீட்டித் துணி வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் தெரியவந்தது. முதலில் அவரும் என்னைச் சந்தேகப்பட்டார். “எதுக்கு டீச்சரம்மா நான் எங்க படிச்சேன், எப்ப வந்தேன்னு விசாரிக்கிறீங்க? யாராச்சும் கேக்கச் சொன்னாங்களா?” என்று கதவுப் பக்கம் பார்த்தார். விசா, குடியேற்றம் என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டுக்கொண்டிருந்த காலம். கட்டுரை எழுதத்தான் கேட்கிறேன் என்றதும் கடை அதிரச் சிரித்தார்.

“அட, அதுக்கா! எங்க வாத்தியார் கட்டுரையைப் படிக்கவே மாட்டாரு. முதல்ல திட்டம் எங்கன்னு கேப்பாரு. இல்லேன்னா முதுகுல ஒண்ணு. அப்புறம்தான் பேச்சே.”

“திட்டம்னா என்னங்க பாய்?”

“உங்க கட்சியை முதல்லயே கொட்டிராதீங்க. எதிராளி வீட்டுக்கு வந்தா என்ன செய்வீங்க? நாற்காலி போட்டு உக்கார வைப்பீங்கள்ல? அவன் சொல்றதுல நல்லதா இருக்கிறதை நீங்களே முதல்ல எடுத்துச் சொல்லுங்க. அப்புறமா மெதுவா எழுப்பி விடுங்க. கடைசியில நிக்கிறது உங்க கட்சியா இருக்கணும்.”

எனக்கு அது பிடிக்கவில்லை, சந்தேகமாகவும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் சங்கக் கூட்டம் என்றால் எடுத்த எடுப்பிலேயே துரையை வெளுத்து வாங்குவார்கள். எதிராளிக்கு நாற்காலி போடுவதாவது! இந்த மனுஷர் என்னைக் கவிழ்க்கத்தான் பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். நாற்காலி போட்டால்தான் அவனை எழுப்ப முடிகிறது என்று கை வைத்த பிறகுதான் புரிந்தது.

“பேசினேங்க மதர்,” என்றேன். “அவர் எழுதல. எங்க நாற்காலி போடணும், எங்க வெத்தலை வைக்கணும்னு சொன்னாரு, அவ்வளவுதான்.”

“வெற்றிலையா?”

“முடிவுரைங்க. பந்தி முடிஞ்சு வெத்தலை வைக்கிற நேரத்துல யாரும் புதுசா சோறு போட மாட்டாங்கன்னாரு. முடிவுல புது உதாரணம் கூடாதாம். சொன்னதைச் சுருக்கி, கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லி, வாசல்ல நின்னு இன்னொரு கேள்வி கேட்டுட்டுப் போகணுமாம்.”

மதர் சிரிக்கவில்லை. என் தாளை மேசையில் வைத்து விரலால் தள்ளினார்.

“சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கிளிக்கும் தெரியும். இங்கேயே உட்காரும். இதே தலைப்பு, இதே உதாரணங்கள், ஆனால் எதிர் முடிவு. எப்போதும் உண்மை சொல்லத்தான் வேண்டும் என்று முடியும். மனப்பாடம் செய்தவரால் எழுதினதைத் திருப்பி வைக்க முடியாது.”

விருந்தாளிகளைப் பார்க்கும் பார்லர் அறையில் என்னை உட்கார வைத்து, எதிரே காலுறை பின்ன உட்கார்ந்தார். வெளியே மழை. ஜன்னல் கண்ணாடியில் பனி ஏறிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு அகராதி கிடந்தது. எடுத்தால் தெரியவில்லை என்பார், எடுக்காவிட்டால் மனப்பாடம் என்பார். எனக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று பட்டது. தொடவில்லை. நடுவில் தையல் டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையை வைக்கக் குனிந்தவளின் கண் தாளில் இருந்தது.

“என்ன டீச்சர், ஆறிறப் போவுது, குடிங்க,” என்றாள்.

“ஆறட்டுங்க. சூட்டுல நாக்கு சுட்டா பேச வராது.”

“எழுதுறதுக்கு நாக்கு எதுக்கு?” என்று போய்விட்டாள்.

முதலில் சுலபமாகத்தான் தெரிந்தது. பழைய கட்டுரையின் முதல் பாதியில் உண்மைக்கு நாற்காலி போட்டிருந்தேன். ‘செர்த்’ என்று தொடங்கியிருந்தேன். ‘சரிதான், நீங்க சொல்றது நியாயம்தான்’ என்று எங்கள் ஆட்கள் இழுப்பார்களே, அதுதான் அந்தச் சொல். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை உண்மையான நிறையைச் சொல்லாவிட்டால் யார் யாரை நம்புவது என்று அங்கே எழுதியிருந்தேன். அடுத்த பாதி ‘ஸபாந்தான்’ என்று திரும்பும். அது நம்முடைய ‘ஆனா ஒண்ணு.’ எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்ணுக்குப் பிழைக்க முடியாத நோய். அவள் பயப்படக் கூடாதென்று எல்லோரும் அவளிடம் மறைத்தோம். அந்தப் பொய் அன்பு என்று எழுதி, ‘தோங்க்’ போட்டு, ‘ஆகவே’ எப்போதும் உண்மை வேண்டியதில்லை என்று முடித்திருந்தேன்.

இரண்டு பாதியையும் இடம் மாற்றி வைத்தேன். நோய்க்காரப் பெண் முன்னால், நிறுவை பின்னால். படித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. ‘ஸபாந்தான்’ சத்தமாகத்தான் ஒலித்தது, ஆனால் பின்னால் வந்தது வெறும் தராசு. சாகக் கிடக்கிற ஒருத்தியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தராசைக் காட்டி எழுப்ப முடியுமா? இணைப்புச் சொல் வண்டிக்குக் கடையாணி மாதிரி. சக்கரமே இல்லாத இடத்தில் அது எதைப் பிடிக்கும்?

எழுதியதை அடித்தேன். மதரின் ஊசி ஒரு கணம் நின்றது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணை மறுபடியும் நினைத்தேன், உதாரணமாக இல்லாமல் பெண்ணாகவே. அவளுக்குக் கைக்குழந்தை ஒன்றும் நடக்கிற பிள்ளை ஒன்றும். அவள் போன பிறகு, பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்று அவள் அண்ணனும் புருஷன் வீட்டாரும் சண்டை போட்டார்கள். ஒன்று பட்டிப்பொலப் பக்கம் போனது, ஒன்று இங்கேயே நின்றது. தெரிந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாளே! சேர்த்து வளருங்கள் என்று ஒரு வார்த்தை. நாங்கள் மறைத்தது அவள் பயத்தை மட்டும் இல்லை, அவள் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையையும்தான்.

அதை எழுதினேன். முதல் பாதியில் ‘சரிதான், மறைத்தது இரக்கத்தால்தான்’ என்று ஒத்துக்கொண்டேன். ‘ஸபாந்தான்’ போட்டு அதே பெண்ணிடம் திரும்பிப் போனேன். அந்த இரக்கம் யாருக்கு வசதி, அவளுக்கா, எங்களுக்கா என்று கேட்டேன். அதற்குப் பிறகு தராசு தானாக வந்து பொருந்தியது. நிறையை மறைக்கிறவனும் நோயை மறைக்கிறவனும், கேட்கிறவருக்குச் சேர வேண்டியதைத் தன் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுத முடிந்தது. முடிவில் புதிதாக ஒன்றும் வைக்கவில்லை. நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சுருக்கி, ‘ஆகவே ஆம், எப்போதும்’ என்று நேராகச் சொல்லி, உண்மையைச் சொல்கிறவர் பிறகு அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கவும் கடமைப்பட்டவரா என்ற கேள்வியோடு நிறுத்தினேன். எழுதி முடித்தபோது, முதலில் எழுதியதைவிட இதைத்தான் நான் நம்புகிறேன் என்று தெரிந்தது. அதுவே பயமாகவும் இருந்தது. முந்தியதைவிட நன்றாக இருந்தால், எந்தச் சந்துக்குள்ளிருந்து எடுத்தீர் என்று கேட்பாரே?

மதர் தாளை எடுத்தார். நின்றபடி படிக்கத் தொடங்கியவர், நடுவில் உட்கார்ந்தார். அந்தப் பெண் வருகிற பத்தியை இரண்டு தடவை படித்தது அவர் உதடு அசைவதில் தெரிந்தது. முகம் சிவந்தது. முடிந்தது கதை, அறையும் போனது என்று என் பையைக் கையில் எடுத்துவிட்டேன்.

“இது தப்பு,” என்றார்.

“எங்கங்க மதர்? இலக்கணமா?”

“இலக்கணம் இல்லை. நீர் சொல்வது தப்பு. நான் இப்படிப்பட்ட கட்டில்களின் அருகே இருந்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பயத்தில் இறந்திருப்பாள். பிள்ளைகளைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டாள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை, மேல் வகுப்பில், பிள்ளைகளின் முன்னிலையில், பிரெஞ்சில்.”

“மேல் வகுப்புலயா? அது சிஸ்டரோட வகுப்புங்களே.”

“இனி உம்முடைய வகுப்பு,” என்றார் எரிச்சலாக, ஏதோ சில்லறை விஷயத்தில் குறுக்கே பேசிவிட்டேன் என்பது போல.

பிறகு காலுறையை ஒதுக்கி வைத்துவிட்டு, சிவப்புப் பென்சிலை எடுத்து, என் தாளின் ஓரத்தில் ‘செர்த்’ என்று தொடங்கி எனக்கு எதிராக எழுத ஆரம்பித்தார்.