ஒன்பது மாதத் தேய்மானம்

வில்லியனூர் அரிசி மில்லில் ஏழு வருஷம் கணக்கெழுதினேன். அந்த ஏழு வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு எஞ்சின் விற்ற கணக்கில் செய்தது. அது தப்பே இல்லை என்று பிற்காலத்தில் பலரிடம் சாதித்திருக்கிறேன். இப்போது வயதாகிவிட்டது, சாதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தப்புதான்.

மில்லுக்கு இரண்டு கூட்டாளிகள். வில்லியனூரிலேயே இருந்து மில்லை நடத்தியவரை ஊரில் மில்காரர் என்பார்கள். மற்றவர் அவர் மனைவியின் தம்பி, பாகூரில் நஞ்சை வைத்திருந்த பாகூரார். பாதிப் பணம் அவருடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்வண்டியில் வந்து இறங்குவார். வந்தால் நெல்லைப் பார்க்கமாட்டார், தவிட்டைப் பார்க்கமாட்டார், நேராக என் மேஜைக்கு வந்து பேரேட்டைத் திருப்புவார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. அந்தக் கல்யாணம் நடந்த நாளிலிருந்தே ஆகாதாம். பின் எதற்குக் கூட்டு வியாபாரம் என்று கேட்காதீர்கள், நானும் ஏழு வருஷம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம்; கூட்டுப் பத்திரம் பட்டணத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி முன்னால் பிரெஞ்சில் எழுதியது. அதில் ஒரு ஷரத்து. மில்லின் சொத்தை மற்றவர் கையெழுத்து இல்லாமல் ஒருவர் விற்று, அந்த விற்பனையில் நஷ்டம் வந்தால், நஷ்டத்தை விற்றவரே கட்டவேண்டும். மில் நிர்வாகமும் மற்றவர் கைக்குப் போய்விடும். இரண்டு பேரும் இதை மந்திரம் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

மில்லின் பழைய ஆயில் எஞ்சின், துறைமுகத்திலிருந்து வண்டிக்கூலி, மேடை கட்டிய செலவு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய் அடக்கம். பத்து வருஷம் உழைக்கும் என்று பத்திரத்திலேயே கண்டிருந்தது. எனவே அதன் மதிப்பில் வருஷத்துக்கு முந்நூற்று அறுபது தேய்மானமாகக் குறையும். ஐந்து வருஷம் முழுதாக ஓடிவிட்டது. ஆயிரத்து எண்ணூறு தேய்ந்து, ஆறாம் வருஷம் ஜனவரி முதல் தேதியில் பேரேட்டில் எஞ்சின் பெயரில் மிச்சம் ஆயிரத்து எண்ணூறு நின்றது.

செப்டம்பர் கடைசியில் மில்காரர் அதை மண்ணாடிப்பட்டில் கரும்பாலை போடப்போகிற ஒரு விவசாயிக்கு ஆயிரத்து அறுநூறுக்கு விற்றார். புது எஞ்சின் வந்து இறங்கிவிட்டது, பழையதற்கு இடமில்லை. மச்சானிடம் வாயால் சொன்னேன் என்றார். கையெழுத்து வாங்கவில்லை. மாதத்தின் முப்பதாம் தேதி மதியம் வரைக்கும் அந்த எஞ்சின் நெல்லரைத்தது. அதற்கப்புறம்தான் கழற்றி மூன்று மாட்டுவண்டிகளில் ஏற்றினார்கள்.

வரவு செலவைத் தேதிவாரியாக எழுதும் நாள்வழியில் நான் அன்று எழுதினேன்: ரொக்கம் பற்று ஆயிரத்து அறுநூறு, எஞ்சின் கணக்கில் வரவு ஆயிரத்து அறுநூறு. அவ்வளவுதான். தேய்மானம் என்பது எங்கள் மில்லில் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி எழுதும் சமாசாரம். வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே வரி. நடுவருஷத்தில் விற்றுப்போன பொருளுக்கு விற்ற தேதி வரைக்கும் அன்றைக்கே எழுதியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டணத்து வியாபாரக் கம்பெனியில் மூன்று வருஷம் இதே வேலையைத்தான் செய்திருந்தேன். பழக்கம் கையைப் பிடித்து இழுத்துவிட்டது.

நவம்பரில் பாகூரார் வந்தார். பேரேட்டில் எஞ்சின் பக்கத்தைத் திருப்பினார். இருநூறு ரூபாய் நின்றது.

"இன்னாய்யா இது?"

"எஞ்சின் கணக்குங்க ஐயா."

"எஞ்சின் எங்க?"

"வித்தாச்சுங்க."

"எஞ்சினே இல்ல. அது பேர்ல இருநூறு ரூபா எப்படிய்யா நிக்குது? இல்லாத எஞ்சினுக்கு நீ எண்ண ஊத்துறியா?"

களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. வாசலுக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆயிரத்து எண்ணூறு ரூபா எஞ்சின ஆயிரத்தறுநூறுக்குத் தள்ளிட்டாங்க. இருநூற இந்தக் கணக்குப்பிள்ள அமுக்கிட்டான். திருட்டுப் பய" என்றார். அந்தக் கடைசி வார்த்தை மில்காரருக்கு இல்லை, எனக்கு. அக்காள் புருஷனைத் திருடன் என்றால் குடும்பம் சிரிக்கும். கணக்குப்பிள்ளையைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

கணக்கெழுதிப் பிழைப்பவனுக்குத் திருடன் என்ற பெயர் ஒட்டிவிட்டால் வில்லியனூரில் மட்டுமில்லை, அரியாங்குப்பம் வரைக்கும் ஒரு கடைக்காரன் வேலை தரமாட்டான். எனக்கு இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். காணி நிலம்கூடக் கிடையாது.

அவர் வண்டி போனதும் மில்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒன்பது மாதம், மாதத்துக்கு முப்பது, ஆக இருநூற்று எழுபது. அதை எழுதிவிட்டால் விற்ற அன்று எஞ்சின் மதிப்பு ஆயிரத்து ஐந்நூற்று முப்பது. விற்ற விலை ஆயிரத்து அறுநூறு. நஷ்டமே இல்லை, எழுபது ரூபாய் லாபம்.

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் கறுத்தது. "இத ஏன்யா அன்னிக்கே எழுதல?"

"என் தப்புங்க."

"சரி, இப்ப எழுது. செப்டம்பர் முப்பதுக்கு நேரா, வித்ததுக்கு மேல, சின்ன எழுத்துல நுழைச்சிடு."

முடியாது என்றேன். எங்கள் நாள்வழியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டு, கொம்யூன் மேரி என்ற நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே எழுதலாம். பிரெஞ்சுச் சட்டம் அப்படி. இடம் விடக்கூடாது, வரிக்கு நடுவே நுழைக்கக்கூடாது, ஓரத்தில் எழுதக்கூடாது. நுழைத்தால் அன்றோடு புத்தகமே செல்லாது.

"உனக்குச் சோறு போடுறது நானா, மேரியா?"

"நுழைச்சா உங்க மச்சான் சொன்னது நெசமாயிடும் முதலாளி."

கத்தினார். காலால் நாற்காலியைத் தள்ளினார். நான் அவர் கண் முன்னாலேயே அன்றைய தேதியில் எழுதினேன்: செப்டம்பர் முப்பதில் விற்ற எஞ்சினுக்கு, ஜனவரி முதல் விற்ற நாள் வரை ஒன்பது மாதத் தேய்மானம் அன்று எழுதாமல் விட்டுப்போனது, இப்போது எழுதப்படுகிறது; தேய்மானக் கணக்கு பற்று, எஞ்சின் கணக்கு வரவு, இருநூற்று எழுபது. அடுத்த வரியில்: எஞ்சின் கணக்கு பற்று, சொத்து விற்ற லாபக் கணக்கு வரவு, எழுபது. பேரேட்டில் எஞ்சின் பக்கம் இரண்டு புறமும் சரியாகி முடிந்தது. என் தப்பை என் கையாலேயே, மேரி கையெழுத்துப் போட்ட புத்தகத்தில் எழுதினேன்.

இதைக் கேள்விப்பட்டும் பாகூரார் விடவில்லை. நொத்தேரிடம் போகலாம் என்றார். மூன்று பேரும் ஒரே ரயிலில் பட்டணம் போனோம். எதிரெதிரே உட்கார்ந்து அரை மணி நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனோம்.

நொத்தேர் வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான், பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசுகிறவர். நாள்வழியைப் புரட்டினார். பாகூரார் எழுந்து நின்று பேசினார். ஒத்துக்கொள்கிறேன், நன்றாகவே பேசினார்.

"ஐயா, நான் படிக்காதவன், ஆனா கூட்டல் கழித்தல் தெரியும். இருநூத்தெழுவது செலவுன்னு எழுதுறாங்க. எழுவது லாபம்னு எழுதுறாங்க. கழிச்சா இன்னா வருது? அதே இருநூறு. மில்லுக்கு இருநூறு போனது போனதுதான். பேர மாத்தி வெச்சா நஷ்டம் லாபமாயிடுமா?"

நொத்தேர் என்னைப் பார்த்தார். "சொல்லும்."

"கழிச்சா இருநூறுதான் ஐயா. வருஷ லாபத்துல இருநூறு குறையும், எப்படி எழுதினாலும் குறையும். ஆனா பத்திரத்துல விற்பனையில் வந்த நஷ்டம்னுதான் இருக்கு. இந்த இருநூத்தெழுவது விற்பனையில வந்ததில்ல. ஒன்பது மாசம் நெல்லரைச்சதுல வந்தது. அந்த ஒன்பது மாசத்து அரவைக்கூலி ரெண்டு பேர் பங்குலயும் சேரும். தேய்மானம் மட்டும் ஒருத்தர் தலையிலயா? இந்த எஞ்சின விக்காமலே இருந்திருந்தாலும் செப்டம்பர் வரைக்கும் இருநூத்தெழுவது தேஞ்சேதான் இருக்கும்."

"தேஞ்சிருந்தா ஆயிரத்தறுநூறு எவன் குடுப்பான்?" என்றார் பாகூரார்.

"நாம போட்ட கணக்கவிடக் கொஞ்சம் கம்மியா தேஞ்சிருக்கு. அதான் அந்த எழுவது."

நொத்தேர் சிரிக்கவில்லை. பத்திரத்தில் ஒரு வரியைப் பிரெஞ்சில் படித்தார்; வருஷத்துக்குக் குறைந்த காலத்துக்கு மாதக் கணக்கில் தேய்மானம் போடவேண்டும் என்று தமிழில் சொன்னார். நஷ்டம் இல்லை, நிர்வாகம் கைமாறாது. எழுபது ரூபாய் லாபத்தில் ஆளுக்கு முப்பத்தைந்து. கணக்கில் கை வைக்காமல் விட்டுப்போனதை விட்டுப்போனது என்றே எழுதியதால் இந்தப் புத்தகத்தை நம்புகிறேன் என்றார். அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்தது. அழவில்லை, அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கியதும் மில்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "நாளையிலருந்து வராத. உன் சோம்பேறித்தனத்தால நான் ஊரான் முன்னாடி கைகட்டி நின்னேன். நுழைச்சிடுன்னா நுழைக்கமாட்டேன்னு சட்டம் பேசுற ஆளு எனக்கு வேணாம்."

அவருடைய மில்லை அவருக்கே காப்பாற்றிக் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. நான் இரண்டடி விலகி நின்றேன். பக்கத்தில் நின்றிருந்தால் அவரை அடித்திருப்பேன்.

அவர் போனபின் பாகூரார் என் பக்கத்தில் வந்தார். வெற்றிலை மென்றுகொண்டே, பழைய சிநேகிதரைப் போலப் பேசினார்.

"இன்னாபா, துரத்திட்டானா? எனக்குத் தெரியும். நீ திருடல. அதுவும் எனக்குத் தெரியும். பேரேட்டப் பாத்த அன்னிக்கே தெரியும், நீ தேய்மானம் எழுதாம உட்டுட்டன்னு."

"அப்புறம் ஏங்க களத்துல நின்னு அப்படிச் சொன்னீங்க?"

"மில்லு வேணும்பா எனக்கு. அவன நேரா சொன்னா எங்க அக்கா அழும். உன்னச் சொன்னேன்." மடியிலிருந்து பணத்தை எடுத்தார். "இந்தா, முப்பத்தஞ்சு. என் பங்கு லாபம். வெச்சுக்க."

அது எனக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். வீட்டில் அரிசிப்பானை எந்த மட்டத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"பணம் வேணாங்க. எந்தக் களத்துல நின்னு திருடன்னு சொன்னீங்களோ, அதே களத்துல நின்னு, அதே பொம்பளைங்க கேக்க, இல்லன்னு ஒரு தரம் சொல்லுங்க. போதும்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பணத்தை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

"அதெல்லாம் ஆவாதுபா" என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த வில்வண்டியில் ஏறினார்.