படத்துக்குக் கீழே ஒரு வரி

ஹட்டன் புடவைக் கடையின் முகநூல் பக்கத்துக்கு ஏஐ மூலம் படங்கள் செய்வது என் வேலை. இவை நிஜப் புகைப்படங்கள் அல்ல என்று எழுதுவோம் என்றேன்.

"இங்கிலீசுல போடும்மா. தோட்டத்து ஆளுங்க பயப்படாம வாங்குவாங்க" என்றார் முதலாளி.

என் ஆங்கிலத்தில் எனக்குப் பெருமை. எழுதினேன்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் அக்கா ஒருவர், மகளின் சடங்குக்கு வாங்கிய புடவையோடு திரும்பி வந்தார். "படத்துல கரை பூரா மயிலு இருந்திச்சுங்களே. இதுல ஒன்னுமில்ல."

"கீழ போட்டிருக்கே, படிக்கலையா?" என்று சிரித்த முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீயே வாசிச்சுக் காட்டும்மா."

பிசகில்லாமல் வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்.

"எழுதினது யாரு?"

"நான்தான்க்கா."

"தமிழ் மறந்திருச்சா, பாப்பா?"

முதலாளி புடவையை மாற்றித் தரவில்லை. மறுநாள் படத்திலும் அந்த வரியை ஆங்கிலத்திலேயே எழுதினேன்.