பட்டை வளையலை வெள்ளியாக்கிய வேலை

அக்கா போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சின்னது கல்லு மாதிரி உக்காந்திருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிப் போனார்கள். எனக்கும் அது கேட்டது. கேட்டும் ஒன்றும் ஆகவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். என்னிடம் ஏதோ கோளாறு என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகுதான் காரைக்காலிலிருந்து பாய் போன் செய்தார். அவர் நகைக்கடைக்காரர். அவர் கடை நகைகளைப் படம் எடுத்து, கணினியில் அழுக்கு, கீறல் நீக்கித் தருவது என் தொழில். நெரவியில் எங்கள் வீட்டு மாடியறைதான் அலுவலகம். பாதி வேலை என்னுடையது என்றால் மீதி அக்காவுடையது. படங்களில் வருவதெல்லாம் அவள் கை.

அவளுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. அந்த ஒரு காரணத்துக்காகவே யார் படம் எடுத்தாலும் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். கையை மட்டும் கேட்டால் உடனே நீட்டுவாள். மெலிந்த நீளமான விரல்கள். பக்கத்து வீட்டு மருதாணியை மாதம் தவறாமல் பறித்து அரைத்து நகத்துக்கு வைத்துக்கொள்வாள். "என் மூஞ்சப் பாத்து ஒருத்தனும் வரல. என் கையப் பாத்து ஊரே நகை வாங்குது பாரு" என்பாள். கல்யாணம் தட்டிப்போனதை அவளே இப்படிக் கேலி செய்து முடித்துவிட்டதால் நாங்கள் யாரும் வாயைத் திறக்க முடிந்ததில்லை.

பாய் முதலில் அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டார். நான் "ம்" என்றேன். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பட்டை வளையல் இருக்கில்லம்மா, கொடி வெட்டினது, அக்கா கையில போட்டு எடுத்தமே. தங்கம் விக்கிற விலைக்கு அத யாரும் தொட மாட்டேங்கிறாங்க. வெள்ளியில கேக்குறாங்க. பிரான்ஸ்ல இருக்குற புள்ளைங்க ரோஸ் கலர் முலாம் கேக்குதுங்க. ஆர்டர் வந்தாத்தான் செய்யப் போறேன். அதுவரைக்கும் படத்துல மாத்திக் குடுத்துடு."

ஏற்கெனவே அவர் மருமகள் போனிலேயே ஏதோ செயலியில் போட்டு மாற்றியிருக்கிறாள். பார்க்கப் பளிச்சென்று இருந்ததாம். ஆசாரியிடம் காட்டியபோது அவர் கையை விரித்துவிட்டார். செயலி நிறத்தை மட்டும் மாற்றவில்லை, வளையலையே புதிதாக வரைந்துவிட்டது. கொடியில் ஐந்து இதழ்ப் பூ நாலு இதழாகியிருந்தது. இலைகள் வேறு பக்கம் திரும்பியிருந்தன. படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் கைக்கு வேறு வளையல் போனால் கடைவாசலில் வந்து நிற்பார்.

"வெட்டு ஒண்ணுகூட மாறக் கூடாது" என்றார் பாய். "அப்புறம், நடுப்பட்டையில ஒரு கறுப்பு நிழல் விழுந்திருக்கு பாரு, அத மட்டும் தொடச்சிடு."

சரி என்றேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படத்தைத் திறந்தேன். கை வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் அக்கா கை என்று தெரிந்தது, அவ்வளவுதான். நேராக உலோகத்துக்குப் போய்விட்டேன்.

தங்கம் என்பது படத்தில் ஒரே மஞ்சள் அல்ல. ஒளி நேராக விழும் இடம் கிட்டத்தட்ட வெள்ளை. நடுவில் மஞ்சள். வெட்டுக் கோடுகளின் பள்ளத்தில் காப்பிக்கொட்டை நிறம். மஞ்சளை மட்டும் உறிஞ்சி எடுத்தால் வெள்ளி வராது, ஈயப் பாத்திரம் வரும். நிறத்தை எடுத்த பிறகு நடுத்தரமான இடங்களைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சமாக்க வேண்டும். பள்ளத்தின் கருமையைத் தொடக் கூடாது. அந்தக் கருமையும் அதன் விளிம்பில் ஓடும் மயிரிழை வெளிச்சமும்தான் வெட்டு. அதற்குமேல் நிழல்களில் மட்டும் ஒரு துளி நீலம். ரோஸ் இன்னும் லேசு மாதிரி தெரியும், ஆனால் மஞ்சளைச் சிவப்புப் பக்கம் ஒரு இழை அதிகம் திருப்பினால் செம்புக் குடம் ஆகிவிடும். இதையெல்லாம் அசல் படத்தின் மேல் தனித்தனி அடுக்காகப் போட்டால் அடியில் வெட்டு அப்படியே இருக்கும்.

ஆனால் முதலில் உலோகத்தைக் கையிலிருந்து பிரித்துத் தனியாக்க வேண்டும். விளிம்பு விளிம்பாகக் கோடு இழுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. எனக்கு அதற்கெல்லாம் மனம் இல்லை. தங்க நிறத்தைத் தொட்டுக் காட்டினால் படத்தில் அந்த நிறம் உள்ள இடத்தையெல்லாம் தானே பிடித்துக்கொள்ளும் ஒரு குறுக்குவழி உண்டு. அதைப் போட்டேன். மஞ்சளை எடுத்தேன், வெளிச்சம் ஏற்றினேன், நிழலுக்கு நீலம் கொடுத்தேன். வளையலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடி, பூ, ஐந்து இதழ், எல்லாம் சரி. வெள்ளி வெள்ளியாகவே இருந்தது. வேலை முடிந்தது என்று முழுப் படத்தையும் திரை நிறைய வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

அம்மா டீ கொண்டுவந்து நின்றாள். டம்ளரை மேசையில் வைக்கவில்லை.

"ஏன்டி," என்றாள். "ஏன்டி அன்னைக்கு மாதிரி ஆக்கி வச்சிருக்க?"

திரும்பிப் பார்த்தேன். மருதாணி நகமும் தங்கமும் கணினியின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். வளையலோடு சேர்த்து நகங்களையும் அது பிடித்திருக்கிறது, விரல் நுனியின் சிவப்பையும் பிடித்திருக்கிறது. அஞ்சு நகமும் சாம்பல் படிந்த நீலமாக இருந்தன.

அக்காவுக்கு நுரையீரலில் கோளாறு. கடைசி மாதங்களில் மருதாணி அரைக்க அவளால் முடியவில்லை. பழைய சிவப்பு நகத்தோடு வளர்ந்து வளர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பையும் அதற்குப் பக்கத்து விரல்களின் நகங்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இந்த நிறத்தில்தான் இருந்தன. இதே நிறத்தை என் கையாலேயே செய்து, சரியாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டு, தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன்.

"வளையலத்தான்மா பாத்தேன்" என்றேன்.

"வளையலு கெடக்குது. அவ மருதாணியக் குடுத்துடு அவளுக்கு."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை வளையலின் ஓரத்தைக் கையாலேயே கோடிழுத்தேன். நகங்கள் மறுபடி சிவந்தன. தங்கம் பக்கத்துத் தோலில் மஞ்சளைத் தெறிக்கவிட்டிருக்கும், வெள்ளியாக்கும்போது அதையும் எடுக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும், அதுவும் பாதிதான் எடுத்தேன். அதற்குமேல் எடுக்கக் கை வரவில்லை. அம்மா போகாமல் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறியது.

பிறகு அந்தக் கறுப்பு நிழல். துடைப்பதற்காகப் பெரிதாக்கினேன். வெட்டு இல்லாத நடுப்பட்டை கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதில் எதிரில் இருந்ததெல்லாம் விழுந்திருந்தது. வெள்ளையாக நான் சாத்தி வைத்த தெர்மோகோல் அட்டை. அதன் நடுவில் குச்சி மாதிரி கேமராவோடு நான். எனக்குப் பக்கத்தில், தன் கையைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டு இன்னொருத்தி. மூக்கு, கண் ஒன்றும் கிடையாது. தலையும் தோளும் மட்டும், பழுப்பாக. எடுத்த அன்றே துடைத்திருக்க வேண்டியது. சோம்பேறித்தனத்தால் விட்டிருக்கிறேன்.

தூணுக்குப் பின்னால் ஓடியவள் அவளுக்கே தெரியாமல் இங்கே மாட்டியிருக்கிறாள்.

துடைக்கும் கருவி கையில் இருந்தது. நான் துடைக்கவில்லை. நல்லவள் என்பதால் அல்ல, வேறு ஒரு விஷயம் அப்போது உறுத்தியது. தங்கம் தன் முன்னால் வருவதையெல்லாம் தன் நிறமாக்கிவிடும். அதனால்தான் அவள் அதில் பழுப்பு. வெள்ளி அப்படிச் செய்யாது. எதிரில் இருப்பது எந்த நிறமோ அதை அப்படியே காட்டும். நான் நிறத்தை உறிஞ்சிவிட்டதால் இப்போது அவள் சாம்பலாக இருந்தாள். இது தப்பான வெள்ளி. வளையல் உண்மையில் வெள்ளியாக இருந்திருந்தால் அவள் உடுத்தியிருந்த துணியின் நிறம் அதில் தெரிந்திருக்கும்.

என்ன உடுத்தியிருந்தாள்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அத்தனை நேரம் எதிரில் நின்று படம் எடுத்தவள் நான். எனக்கு நினைவில்லை.

"அம்மா, இந்த வளையல் எடுத்தன்னைக்கு அவ என்ன போட்டிருந்தா?"

"பச்ச நைட்டி" என்றாள் அம்மா, நான் கேட்டு முடிப்பதற்குள். "கழுத்துல தையல் விட்டிருந்துச்சு. தச்சுத் தாரேன்னேன். கைதான வரும் படத்துல, கழுத்து எதுக்குன்னா."

பச்சையை எடுத்து மிக மெலிதாகப் பூசினேன். தோள் பக்கம் பச்சை, அதன்மேல் தலைக்குக் கறுப்பு, இடையில் தோல் நிறம் ஒரு பொட்டு. நகத்தளவு இடம்தான். பூசும்போது திரை மங்கிக்கொண்டே வந்தது. கணினிதான் மக்கர் செய்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். என் கண்தான் அது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. அம்மா என்னைத் தேற்றவில்லை. "அழு, அழு" என்று மட்டும் சொன்னாள்.

ராத்திரியே ரோஸையும் முடித்து, மறுநாள் பஸ் பிடித்துக் கடைக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன். பாய் வெட்டை ஒவ்வொரு பூவாக எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். ரோஸும் பிடித்திருந்தது. வெள்ளிக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அந்த நிழல் இன்னும் இருக்கே. ரோஸ்லயும் இருக்கு."

"இருக்குங்க பாய். அது எங்கக்கா."

அவர் திரைக்கு அருகில் வந்தார். "இருக்கட்டும்மா, யாரு பாக்கப் போறா" என்றார். அடுத்த கணமே தான் சொன்னது தப்பாகிவிட்டது போல, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று இன்னும் இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வெள்ளிப் படத்தைப் போனில் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். கொடுத்தேன். அவள் வளையலைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கினாள், மேலும் பெரிதாக்கினாள். பச்சை, கறுப்பு என்று கட்டம் கட்டமாக உடையும்வரை பெரிதாக்கினாள்.

"பல்லு தெரியலயேடி" என்றாள். "சிரிக்கலையா அவ?"

"சிரிச்சிக்கிட்டுதாம்மா இருந்தா" என்றேன்.