மூன்று வெள்ளையும் ஒரு நீலமும்

மகன் கடிதம் போட்டிருந்தான். கைபேசியில் நாளுக்கு இரண்டு தடவை முகம் காட்டுகிறவன் எதற்கு மெனக்கெட்டு தபால் தலை ஒட்ட வேண்டும் என்று அம்மாவுக்குச் சந்தேகம். பிரித்ததும் விளங்கியது. கடிதத்தோடு பெயிண்ட் நிறம் காட்டும் மாதிரி அட்டைகள் வந்திருந்தன. ‘திரையில நிறத்தை நம்பாதம்மா, என் போன் ஒண்ணு காட்டும், உன் போன் வேறொண்ணு காட்டும்’ என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தான். வெளிநாட்டில் கடைகளுக்கு உள் அலங்காரம் செய்து தருவது அவன் பிழைப்பு. தாயின் சமையலறையை இடித்துக் கட்டும்போது சும்மா இருப்பானா?

கடிதம் நான்கு பக்கம். சமையலறை ஜன்னல் மேற்கைப் பார்த்தது. சாயங்கால வெயில் உள்ளே வந்தால் எல்லா நிறத்தின் மேலும் ஒரு கரண்டி மஞ்சளை ஊற்றிவிடும். அதனால் சுவருக்கு மஞ்சள் சாடை உள்ள வெள்ளை கூடாது. ரோஜா சாடையும் கூடாது. சாயங்காலம் ஆனால் பவுடர் பூசிய முகம் மாதிரி ஆகிவிடும். சாம்பல் சாடை உள்ள வெள்ளைதான் வெயிலுக்கு அசையாமல் நிற்கும். மூன்றையும் வைத்திருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், சாம்பலை எடுத்து பெயிண்டரிடம் கொடு. சுவரில் நேராகப் பூசிப் பார்க்க விடாதே, பழைய நிறம் பக்கத்தில் இருந்தால் கண்ணை ஏமாற்றும். பலகையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு பார், ஈரத்தில் வெளிறித் தெரிவது காய்ந்தால் கருக்கும். காலையில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை, விளக்குப் போட்டு ஒரு தடவை. கீழ் அலமாரிக் கதவுகளுக்கு நான்காவது அட்டை, அடர்நீலம். பளபளப்பு வேண்டாம், விளக்கு பட்டால் கண் கூசும்.

அம்மா மூன்று வெள்ளை அட்டைகளையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள். மூன்றும் ஒன்றாக இருந்தன.

இடம் மாற்றி வைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாள். வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே தாயின் வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகள் மாதிரி மூன்றும் அவளைப் பார்த்தன. 

வேறு யாராவது என்றால் ‘எல்லாம் வெள்ளைதானே’ என்று சிரித்துவிட்டுப் போகலாம். இவள் அப்படிப் போக முடியாது. ஊரில் இவளுக்கு நூலம்மா என்று பேர். தையல் சாமான் கடையில் நூல் பெட்டிக்குப் பின்னால் நின்று ஆயுசில் பாதியைக் கழித்தவள். துணியை நீட்டினால் போதும், கடையின் குழல்விளக்கை நம்பாமல் வாசல் வரை வந்து, வெயிலில் ஒரு பார்வை பார்த்து, நூறு பச்சையில் அந்தப் பச்சையை எடுத்து வைப்பாள். அவள் கொடுத்த நூலில் தைத்தால் தையலே தெரியாது. தையல்காரர்களுக்குள் சண்டை வந்தால் ‘நூலம்மாகிட்ட காட்டு’ என்பதுதான் கடைசித் தீர்ப்பு. அந்தப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து வெற்று நூல்கண்டுகளை உருட்டி விளையாடிய பிள்ளைதான் இன்று அட்டை அனுப்புகிறான்.

கொஞ்ச காலமாகவே உலகம் சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். சோப்பு மோசமாகிவிட்டது, வெளுத்த துணி வெளுப்பாக இல்லை. பல்பு மோசம், வாங்கிப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. தெருவிளக்கைச் சுற்றி வளையம் வேறு. எல்லாவற்றையும் திட்டியாயிற்று, கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தாள். திட்டினால் அது பதில் சொல்லிவிடுமோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன தடவை வந்தபோது மகன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “உன்னால தனியா சமாளிக்க முடியிற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேம்மா. முடியலன்னு தெரிஞ்ச அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன்.” பிரியமாகத்தான் சொன்னான். அவளுக்கோ அது கோர்ட்டில் வாசித்த மாதிரி கேட்டது. அவனுடைய பதினாறாவது மாடி வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. கறுப்புக் கண்ணாடியைத் தொட்டால் சுடுகிறது. மருமகள் தங்கமானவள், அதுதான் இன்னும் கஷ்டம், சண்டைகூடப் போட முடியாது.

பக்கத்து வீட்டில் கேட்கலாம். கேட்டால், நூலம்மாவுக்கு நிறம் தெரியவில்லை என்பது காய்கறிக்காரர் வரைக்கும் போய், அங்கிருந்து விமானம் ஏறிவிடும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நடு அட்டையை எடுத்தாள். பெயிண்டரிடம் நீட்டும்போது கடைக்காலத்துக் குரலை வரவழைத்துக்கொண்டாள். இதுதான், சாம்பல் சாடை, பார்த்தாலே தெரியுதே.

பெயிண்டர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். “இதுவாம்மா?” என்றார். ஏன் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றுவிட்டார். அவருடைய மனைவியின் கல்யாண ரவிக்கைக்கு நூல் கொடுத்தவளே இவள்தான். அவளிடம் போய் இது ரோஜா என்று சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்தா?

சுவர் முடிந்தது. கீழ் அலமாரிக் கதவுகள் வந்து சேர்ந்தன. தச்சர் அவற்றைக் கறுப்புக் கல் மேடைக்குக் கீழே மாட்டிவிட்டு நிமிர்ந்தார். அம்மா பெயிண்டரிடம் கேட்டாள்: “என்னப்பா இது, நீலம்னு சொன்னா கறுப்பை அடிச்சு வெச்சிருக்கே?”

பெயிண்டர் டின்னைத் தூக்கி, ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். ஒரு கதவைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். மூன்று பேரும் வெயிலில் நின்று குனிந்து பார்த்தார்கள். அம்மா திடமாகச் சொன்னாள், கறுப்பு. தச்சர் தாடையைச் சொறிந்தார். கொஞ்சம் கறுப்புதான் அடிக்குது என்றார். பெயிண்டரும் தன் கண்ணை ஒருதரம் சந்தேகப்பட்டுவிட்டு, கடையில் மெஷின் கறுப்புச் சாயத்தைக் கூடுதலாக விட்டிருக்கும் என்று முடிவுக்கு வந்தார். டின்னோடு கடைக்குப் போனார். கடைக்காரர், யார் சொன்னது என்று கேட்டார். நூலம்மா என்றதும் மறுபேச்சு இல்லை. கறுப்பைக் குறைத்து, நீலத்தை ஏற்றிப் புது டின் வந்தது. அது காய்ந்ததும் அம்மா உதட்டைப் பிதுக்கினாள்: அழுக்குச் சாம்பல் மாதிரி இருக்கு. அடுத்த டின்னில் கறுப்பே இல்லை. ஊரே சேர்ந்து ஒரு கண்ணுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தது. கண்ணைத் தவிர எல்லாவற்றையும் சரி பண்ணினார்கள்.

மூன்றாவது டின்னுக்குக் கதவுகள் போயிருந்தன, ஒப்பிட்டுப் பார்க்க என்று முதல் டின் நிறத்திலேயே விட்டுவைத்த ஒரு அடர்நீலக் கதவு மட்டும் அடுப்புக்குக் கீழே பாக்கி. அன்றைக்கு மத்தியானம் அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கி மேடைமேல் வைத்தாள். வைத்ததாகத்தான் நினைத்தாள். மேலே கறுப்புக் கல், கீழே அவளுக்குக் கறுப்பாகத் தெரிகிற கதவு. கல் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று கோடே இல்லை. பாத்திரம் பாதி கல்லிலும் பாதி காற்றிலும் உட்கார்ந்தது. அடுத்த நொடி கொதிநீர் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்து, ஆவியாக முகத்துக்கு வந்தது.

அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துதான் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது. தரையைத் துடைத்தாள். பிழிந்தாள். மறுபடி துடைத்தாள், ஈரம் இல்லாத இடத்தையும்.  பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுப்பிலிருந்து எட்ட உட்கார்ந்தாள். தன் சமையலறையைப் பார்த்து அவள் பயப்படுவது அதுதான் முதல் தடவை. சோப்பு இல்லை, பல்பு இல்லை, பெயிண்டர் இல்லை. இனித் திட்டுவதற்கு ஆள் கிடையாது.

அடுத்த வாரம், வேலை முடிந்த சந்தோஷத்தில் பெயிண்டர் படம் பிடித்து மகனுக்கு அனுப்பிவிட்டார். கைபேசி அடித்தபோது அம்மா எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. எடுத்தாள்.

“அம்மா, திரையை நம்பக்கூடாதுன்னு நானே எழுதினேன். அதுக்காக இப்படியா? இது நான் சொன்ன நீலம் இல்ல, நீச்சல்குளம். சுவரு ஏன் ரோஸா இருக்கு?”

பெயிண்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம். பெயிண்டர் மறுக்கவும் மாட்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கீழே கதவு ஏதோ ஒரு நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

“ரோஸாவா இருக்கு?” என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவளே தொடர்ந்தாள்.

“உன் மூணு அட்டையும் எனக்கு ஒண்ணாத்தான்டா தெரிஞ்சுது. நீலம் கறுப்பா தெரிஞ்சுது. போன வாரம் வெந்நீரைக் காலுக்குப் பக்கத்துல கொட்டிக்கிட்டேன். வீட்டைப் பூட்டுறதா இருந்தா இப்பவே சொல்லிடு, தினம் தினம் பயந்துக்கிட்டு இருக்க முடியல.”

அவன் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரியுதா, வெயில்ல கண் கூசுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டிருந்தது. பிள்ளையும் பயப்படுகிறான் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, தாய்மார்கள் அப்படித்தான். பேச்சின் நடுவே அவள் நறுக்கென்று கேட்டாள்: “அந்த அட்டையெல்லாம் எனக்குப் பரீட்சை வைக்கத்தானே அனுப்பினே?”

“சேச்சே, பெயிண்ட்டுக்குதாம்மா” என்றான். கொஞ்சம் தாமதமாகச் சொன்னான்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, புரை நன்றாகப் பழுத்து மஞ்சளாகிவிட்டது என்றாள். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலம் எப்படி உள்ளே வரும், வெள்ளைக்கு வெள்ளை எப்படி வித்தியாசம் தெரியும் என்று விளக்கினாள். இந்தப் பாடத்தை மகன் மேற்கு ஜன்னலை வைத்து ஏற்கெனவே நடத்திவிட்டான். ஜன்னல் தன் கண்ணிலேயே இருக்கும் என்றுதான் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், கொஞ்ச நாள் கழித்துத்தான் மற்றதுக்கு.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றவள், “அட கடவுளே” என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பவுடர் பூசிய சுவர். நீச்சல்குளம். பெயிண்டரைக் கூப்பிட்டு, நீங்க எல்லாம் மனுஷங்களா, ஒருத்தர்கூடச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, சொன்னா நீங்க ஒத்துக்கிட்டிருப்பீங்களாம்மா என்றார்.

இரண்டாவது கடிதம் வந்தது. இதில் அழகு பற்றிய பேச்சு குறைவு. கறுப்புக் கல்லின் விளிம்பு நெடுக வெளிர் பட்டை ஒன்று ஒட்டு. கீழ்க் கதவு அடர்நீலம் வேண்டாம், வெளிர் சாம்பல். மேல் அலமாரிக்கு அடியில் நீள விளக்கு போடு, உன் நிழல் உன் கைமேல் விழாது. ஸ்விட்சுப் பலகை வெள்ளைச் சுவரில் கறுப்பாக இருக்கட்டும். வெங்காயம் நறுக்கக் கறுப்புப் பலகை. அதோடு மறுபடி மூன்று வெள்ளை அட்டைகள். வீட்டைப் பூட்டுவது பற்றி ஒரு வரியும் இல்லை. அது இல்லாததையே அவள் ரொம்ப நேரம் படித்தாள்.

பிறகு அட்டைகளை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.  ஒன்று மஞ்சள். ஒன்று ரோஜா. ஒன்று சாம்பல். புதுக் கண்ணை மூடிப் பழைய கண்ணால் மட்டும் பார்த்தாள்; மூன்றும் மறுபடி ஒன்றாகிவிட்டன. சட்டென்று திறந்துகொண்டாள். இன்னொரு முறை மூடிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது அட்டையைச் சாய்த்து, நிமிர்த்தி, வெயிலுக்குக் காட்டினாள். உள்ளே போய்ப் பேனாவை எடுத்தாள்.

‘சாம்பல்னு நீ அனுப்பினதுல ஒரு சொட்டுப் பச்சை இருக்கு. உன் கண்ணையும் ஒருதரம் காட்டிக்கோ. கதவை நானே பார்த்து அடிச்சிக்கிறேன்.’