கேரட்டுக்கு ஏழு விசில்

சனிக்கிழமை காலை எங்கள் குடியிருப்பில் பரவிய செய்தி இது: மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரை அவர் மனைவி கரண்டியால் அடித்துவிட்டார். மண்டை உடைந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தமாக, மனிதர் படியிறங்கி ஓடினார்.

ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் சொன்னபோது அது வெறும் ரத்தம். பத்து மணிக்கு இரண்டாவது மாடியில் மூன்று தையல் ஆனது. மதியம் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவர்கள் இறங்கி வரும்போது எட்டுத் தையலாகவும், ஒரு போலீஸ் புகாராகவும் வளர்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருடம் ஆபீஸில் ஒரு ஃபைலைக்கூட நகர்த்தாமல் சம்பளம் வாங்கியவரைப் பற்றிய செய்தி இவ்வளவு வேகமாக நகர்ந்ததே சந்தேகத்துக்கு இடம் தந்தது. விசாரிக்கக் கிளம்பினேன்.

அடித்ததாகச் சொல்லப்பட்ட அம்மாளுக்குக் குடியிருப்பில் விசில் அக்கா என்று பெயர். ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் இருபத்தோரு வருடம் காய் வேகவைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு தொழிற்சாலையை மூடினார்கள், வீட்டுக்கு வந்தார். எங்கள் குடியிருப்பில் எல்லாச் சமையலறை ஜன்னல்களும் நடுவில் உள்ள ஒரே காற்றுக்கூண்டைப் பார்த்திருக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். அந்தக் கூண்டு வழியாகத்தான் அக்காவிடம் ஆலோசனை கேட்பது வழக்கம். "அக்கா, பீட்ரூட்டுக்கு எத்தனை விசில்?" என்று யாராவது தலையை நீட்டுவார்கள்.

அக்கா பதில் சொல்ல மாட்டார். திருப்பிக் கேட்பார்: எவ்வளவு பெருசு, முழுசா, நறுக்கினதா, நறுக்கினது எந்த அளவு, குக்கர் எத்தனை லிட்டர். கேட்டவருக்கு இது பிடிக்காது. அவருக்குத் தேவை ஒரு எண். டாக்டரிடம் போய் மாத்திரை கேட்டால் நாக்கை நீட்டச் சொல்கிறாரே என்பது போலச் சலித்துக்கொள்வார். ஆனால் பதில் சொன்னபின் அக்காவின் எண் தப்பியதில்லை. கைமுட்டி அளவு பீட்ரூட் முழுசாக என்றால் ஐந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. எலுமிச்சை அளவென்றால் மூன்று போதும். பாதியாக வெட்டினால் மூன்று. கட்டைவிரல் நுனி அளவுத் துண்டென்றால் இரண்டு. கேரட் விரல் நீளத் துண்டுக்கு ஒன்றே ஒன்று, உடனே இறக்கி ஆவியை விட்டுவிட வேண்டும். அடங்கட்டும் என்று விட்டால் உள்ளேயே குழைந்துவிடும். முழு உருளைக்கு நான்கு, நாலாக வெட்டினால் இரண்டு.

கணவருக்கு இதில் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. எழுத்தில் இல்லை.

ஓய்வுபெற்ற ஐந்தாவது மாதம் அவர் ஒரு அட்டவணை தயாரித்தார். பீட்ரூட் 5. கேரட் 2. உருளை 3. வரிசை எண், காயின் பெயர், விசில், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். குறிப்புக் கட்டம் காலி. பெருசு, சிறுசு, வெட்டு என்று மனைவி சொன்னதை எங்கே போடுவது என்று கேட்டால், அதற்கெல்லாம் இடமில்லை, சராசரி எடுத்திருக்கிறேன் என்றார். பிளாஸ்டிக் உறை போட்டு ஒன்றை அடுப்புக்கு மேலும், இன்னொன்றைப் பொதுநலன் கருதி மாடிப்படிச் சுவரிலும் ஒட்டினார். அதைப் பார்த்து வேகவைத்த முதல் வீட்டில் அன்று ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமைக்கு வருவோம். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே நோயாளிகளுக்குத் தினமும் மதியம் உப்புப் போடாத வெந்த காய் வேண்டும். முன்பு கொடுத்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். உணவுப் பிரிவு மேடம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாதிரி கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் மாதா மாதம் வேலை. கேண்டீன் மூடியதிலிருந்து அக்கா ஒரு கர்ச்சீஃப் வாங்குவதென்றாலும் எதற்கு என்று கணவரிடம் விளக்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்பவர் கெட்டவரில்லை, கேட்டுப் பழகியவர். அந்த விளக்கத்திலிருந்து தப்பிக்கிற ஒரே கதவு இந்த மருத்துவமனைதான் என்று அக்கா நினைத்தார்.

காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. அடையாள அட்டையோடு வந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அக்கா அதற்குள் ஆறு பீட்ரூட்டை, எல்லாம் கைமுட்டி அளவு, தோல் சீவாமல், வாலை வெட்டாமல், தண்டில் ஒரு அங்குலம் விட்டுக் கழுவி வைத்திருந்தார். அப்படி விட்டால்தான் சாயம் வெளியே போகாது. கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிச் சின்னக் குக்கரில் போட்டிருந்தார். வந்து வைக்கிறேன், தொடாதீங்க என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

தொடாதே என்பதை ஒரு அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார்? தான் இல்லாமல் வேலை தேங்கிக் கிடக்கிறது என்று.

உதவி செய்யத்தான் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாலும் தண்டுமாகப் பீட்ரூட் பார்க்க ஒழுங்காக இல்லையே என்று ஆறையும் சுத்தமாகத் தோல் சீவினார். துண்டு போடலாம் என்று ஆரம்பித்து இரண்டு முடித்ததும் கை வலித்தது. மீதி நாலை முழுசாகவே போட்டார். பொடித்துண்டும் முழு உருண்டையும் ஒரே குக்கரில். தண்ணீர் நிறைய இருந்தால் நல்லது என்று விளிம்புவரை ஊற்றினார். இரண்டு அடுப்பையும் பற்றவைத்துவிட்டு, அட்டவணையும் பென்சிலுமாக ஹாலில் போய் உட்கார்ந்தார். சமையலறையில் உட்கார்ந்தால் புழுங்கும்.

ஹாலிலிருந்து விசில் கேட்கும். யாருடைய விசில் என்று கேட்காது. கீழ்வீட்டு டீச்சர் அப்போது கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தார். கூண்டு வழியாக வந்த அந்த விசிலும், சின்னக் குக்கரின் விசிலும், பீட்ரூட் விசிலும் பென்சிலுக்கு ஒன்றாகவே பட்டன. ஐந்து கோடு விழுந்ததும் எழுந்துபோய்ப் பீட்ரூட் அடுப்பை அணைத்தார். அந்த ஐந்தில் இரண்டு டீச்சருடையது, ஒன்று கேரட்டுடையது. ஆவி அடங்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு கரண்டியால் வெயிட்டைத் தூக்கினார்.

விளிம்புவரை இருந்த தண்ணீர், தோல் சீவிய பீட்ரூட்டின் சாயம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகக் கூரைக்குக் கிளம்பியது. கூரையில் மோதிச் சூடு தணிந்து திரும்பி வந்ததில் பாதி சுவரில், பாதி சட்டையில். இதுதான் எட்டுத் தையலின் முழு விவரம். மனைவியைக் கூப்பிட அப்படியே ஓடினார். கேரட் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

கேட்டில் அக்கா எதிரே வந்தார். வாட்ச்மேன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். கணவரை நெற்றியிலிருந்து இடுப்புவரை பார்த்துவிட்டு அக்கா கேட்டது ஒன்றைத்தான்.

"கேரட் எத்தனை விசில் போச்சு?"

"டேபிள்ல ரெண்டுன்னு இருக்கு."

"டேபிள்ல இல்லங்க, அடுப்புல."

பதில் கூண்டு வழியாகக் கிடைத்தது. அக்கா மேலே ஓடி அடுப்பை அணைக்கும்போது கீழேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்: "அக்கா, ஏழு. என்னடா இது, உங்க வீட்டுல இப்படி நடக்காதேன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்."

எண்ணத் தெரிந்த டீச்சருக்கு மாடியேறி வந்து அணைக்கத் தோன்றவில்லை. இதுவும் எங்கள் குடியிருப்பின் குணம்தான்.

மணி ஒன்பதரை. கேரட்டைக் கரண்டியில் எடுத்தால் வழிந்தது. பீட்ரூட்டில் கத்தியை விட்டால் ஓரம் விட்டுக்கொடுத்தது, நடுவில் கல். பொடித்துண்டுகள் வெளிறிக் கிடந்தன. அக்கா பெரிய நாலையும் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி, அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, ஒரே விசில் கொடுத்து, அடங்க விட்டார். பாதி வெந்ததற்கு அது போதும். கேரட்டுக்கு வழியில்லை, புதிதாகத்தான் வேண்டும். கடைக்கு ஓட நேரமில்லை. ஒரு பையில் கயிறு கட்டிக் கூண்டு வழியாக இறக்கினார். டீச்சர் அரைக்கிலோ போட்டு அனுப்பினார், எல்லாம் மெல்லிசு. ஒரு விசில், உடனே ஆவியை விட்டார், முடிந்தது. குழைந்த கேரட்டைத் தூக்கிப்போட மனசு வராமல் அதையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டார். சட்டை மாற்றிய கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

மேடம் முள்கரண்டியால் கேரட்டைக் குத்திப் பார்த்தார், தலையாட்டினார். பீட்ரூட்டைக் குத்தினார். வெந்திருந்தது. ஆனால் ரோஜா நிறத்தில் இருந்தது.

"கலர் எங்கம்மா போச்சு?"

"தோல் சீவி வேகவச்சுட்டாங்க மேடம். புது ஆளு. நான் இல்லாதப்ப கை வச்சுட்டாரு."

"அந்த ஆளை மாத்திடுங்க."

"பாக்குறேன் மேடம். ரொம்ப வருஷமா கூடவே இருக்காரு."

புது ஆள் எப்படி ரொம்ப வருஷமாக இருக்க முடியும் என்று மேடம் கேட்கவில்லை. பையோடு நின்றவரை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தலைமை எழுத்தர் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை வரிக்கு வரி படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேடம் கடைசி டப்பாவைத் திறந்தார். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். மேல்மாடியில் மெல்ல முடியாதவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள், இதே பதத்தில் தினம் வேண்டும், முன்னால் கொடுத்தவரிடம் மிக்ஸியில் அடித்ததுதான் வந்தது, நூல் நூலாக இருந்தது என்றார். கேரட் திங்கள் முதல். பீட்ரூட்டை வாலோடு வேகவைத்து மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும். குழைந்த கேரட் இரண்டு டப்பா.

இருபத்தோரு வருட அனுபவத்துக்குக் கிடைத்த வேலையில் பாதி, கணவர் அடுப்பை மறந்ததால் கிடைத்தது. அக்கா இதை என்னிடம் சொன்னபோது சிரித்தாரா பல்லைக் கடித்தாரா என்று சொல்ல முடியவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணவருக்கு அப்படிக் குழப்பமில்லை. மென்மை உணவு தன்னுடைய கண்டுபிடிப்பு என்று மாடிப்படியில் நின்று விளக்குகிறார். அட்டவணையில் ஒரு வரி கூடியிருக்கிறது: கேரட் (சிறப்பு) 7. தையல் செய்தியை மறுக்கவும் இல்லை. அடிபட்ட மனிதராக இருப்பதில் ஒரு மதிப்பு இருக்கிறது போல.

திங்கள்கிழமை வேலை ஆரம்பமானது. பீட்ரூட்டை அக்காவே வாலோடு வேகவைத்தார், ஐந்து விசிலையும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றே எண்ணினார், மேடம் நிறத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. முதல் மாதக் கூலியில் என்ன வாங்குவீர்கள் என்று நான் கேட்டதற்கு, உங்ககிட்டயும் விளக்கணுமா என்றார்.

மிச்சம் இருப்பது டீச்சரின் அரைக்கிலோ. அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு கணவருடையது என்று அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டார். அவரும் மார்க்கெட் போய் அரைக்கிலோ வாங்கி, ஒரு துண்டுச் சீட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, கீழே இறங்கினார். டீச்சர் பையைப் பிரித்துப் பார்த்தார்.

"நான் குடுத்தது சுண்டுவிரல் மாதிரி இருந்துச்சு சார். இது துடைப்பக்கட்டை. இதுக்கு ரெண்டு விசில் ஆகும். என் கேஸ் செலவுக்கு யாரு பதில் சொல்றது?"

எடைப்படி சரிதானே என்று அவர் வாதாடினார். டீச்சர் கதவைச் சாத்தினார். பை திரும்ப மூன்றாம் மாடிக்கே போனது. இன்றோடு பன்னிரண்டு நாள். டீச்சருக்கு மெல்லிசுக் கேரட் அரைக்கிலோ இன்னும் வரவேண்டியிருக்கிறது.