பஞ்சின் ஆழம்

பைண்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், டோக்கன் எண்ணைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். காப்பீட்டு அலுவலகத்தின் புழுக்கத்தில் வலது கையில் மட்டும் கையுறை. யாராவது கேட்டால் பதில் தயாராக இருந்தது: "நுனிதான் போச்சு, ஒண்ணுமில்ல."

முப்பது வருஷம் புத்தகம் கட்டிய கை அது. ஐந்து மாதத்துக்கு முன் வெட்டு இயந்திரத்தில் கட்டை விரல் போனது. கட்டு மாற்றத் தனியாகவே போய்வந்தார். மனைவிக்குக்கூட அந்தக் கையைக் காட்டவில்லை. வலியை ஒத்துக்கொண்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ரகம். வெட்டி வீம்பு, வேறென்ன.

இடது கையாலேயே ஓட்டக்கூடிய ஒரு தையல் இயந்திரத்தைப் பார்த்து வைத்திருந்தார். இந்தக் காப்பீட்டுப் பணம் முழுசாக வந்தால் அதை வாங்கலாம். வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

எண் வந்தது. நானும் வருவேன் என்று கூடவே வந்திருந்த மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிகாரி பெண்மணி ஊனச் சான்றிதழைப் புரட்டினாள்.

"முப்பது சதவீதம்னு டாக்டருங்க கொடுத்திருக்காங்களே மேடம்," என்றார் பைண்டர்.

"அது அவங்க கணக்கு சார். ஊனம் நிரந்தரம்னு சான்றிதழ் சொல்லுது, அது போதும். எவ்வளவு தரணும்னு பாலிசில இருக்கிற பட்டியல்தான் சொல்லும். கட்டை விரல்ல ஒரு எலும்பு போனா காப்பீட்டுத் தொகையில பத்து சதவீதம். ரெண்டும் போனா இருபத்தஞ்சு. சான்றிதழ்ல விரல் இழப்புன்னு மட்டும் இருக்கு, எந்த இடம்னு இல்ல. படிவத்துல நீங்களே 'நுனி'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, நுனி..." வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு நின்றது. பக்கத்தில் இவள் இருக்கும்போது எப்படிச் சொல்வது?

மனைவி பையிலிருந்து எக்ஸ்ரே உறையையும் ஆபரேஷன் குறிப்பையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அலமாரி உச்சியில் அவர் ஒளித்து வைத்திருந்தவை.

"ரெண்டு எலும்பும் போச்சு மேடம். அடியோட."

பைண்டர் அவளைப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"கையுறையைத் துவைக்கிறது யாரு? விரல் நிக்கணும்னு அடி வரைக்கும் பஞ்சு அடைச்சிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துக் காயவெச்சு, நீங்க பாக்குறதுக்குள்ள திரும்ப அடைச்சு வெக்கிறேன்."

அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு வெள்ளைத் தாளொன்றை நகர்த்தினாள். "படிவத்துல எழுதினது தப்புன்னு திருத்திக் கொடுங்க. எந்த மூட்டோட போச்சுன்னு டாக்டர்கிட்ட ஒரு கடிதமும் வேணும். வந்ததும் ரெண்டு எலும்புன்னு மேல அனுப்புறேன்."

பைண்டர் கையுறையைக் கழற்றினார். வலது கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, நழுவியது. மனைவி தன் விரல்களை விரித்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இடது கையால், கோணல் எழுத்தில், அவர் எழுதினார்: கட்டை விரல் முழுவதும் போய்விட்டது.