சொல்லக் கூடாத பெயர்

சொந்த நலன் கலந்த விஷயம் மேசைக்கு வந்தால், அரசு ஊழியர் உடனே மேலதிகாரிக்குத் தெரிவித்து அந்தக் கோப்பிலிருந்து விலக வேண்டும். நான் நான்கு மாதம் தெரிவிக்கவில்லை. என் மனைவி சரோஜாவிடம் மறைத்து, இன்னொருத்தியிடம் மனதைத் திறந்து வைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. வீடு விழுப்புரம், அலுவலகம் திண்டிவனம். நான் தினமும் போகும் பாசஞ்சர் ரயிலில்தான் எங்கள் தட்டச்சர் வசந்தாவும் வருவாள்.

தொட்டதில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு நற்சான்றிதழ் கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்... முதலில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தேன். பிறகு அவளிடம் சொல்வதற்காகவே நாள் முழுவதும் செய்திகளைச் சேர்த்தேன். பிறகு வீட்டில் அவள் பெயரை எடுப்பதையே நிறுத்தினேன். குற்றம் அங்கேதான் தொடங்கியது. அதை நான் அறிந்தே இருந்தேன்.

எங்களுக்கு இறந்தே பிறந்த ஒரு மகன். சரோஜா அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு சனிக்கிழமை, வண்டி விக்கிரவாண்டியில் நின்றிருந்தபோது, அந்தப் பெயரை வசந்தாவிடம் சொன்னேன். அவள் கண் கலங்கியது. எனக்கு இதமாக இருந்தது. அந்த இதம்தான் என்னைப் பயமுறுத்தியது... இன்னும் ஒரு வாரம் போனால் எதைக் கொடுப்பேன்?

மறுநாள் காலை சரோஜா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மகன் பெயரை அவளிடம் சொன்னதைத் தவிர.

"தொட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்குது? மிச்சத்தையும் சொல்லுங்க."

சொன்னேன். அவள் கை நின்றது.

"அது நான் வச்ச பேருங்க. என்னைக் கேக்காம எப்பிடி எடுத்துக் குடுத்தீங்க?"

இனி பஸ்ஸில் போகிறேன், நாளையே வசந்தாவிடம் பேசி முடிக்கிறேன், மாறுதல் கேட்கிறேன் என்று வரிசையாகச் சொன்னேன்.

"ஆபீசு மாதிரியே பேசிக்கினு இருக்காதீங்க," என்றாள்.

திங்களன்று வசந்தாவிடம், இனி வேலைப் பேச்சு மட்டும்தான் என்றேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

"வீட்ல சொல்லிட்டீங்களா சார்? சரி, போங்க," என்று இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளையும் காயப்படுத்தினேன். அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

மாறுதல் மனுவில் காரணம்: குடும்பச் சூழல். ஏழு வாரத்தில் விழுப்புரத்துக்கே உத்தரவு வந்தது. அரசாங்கம் அவ்வளவு வேகமாக இயங்கி நான் பார்த்ததில்லை.

சரோஜாவிடமும் ஒன்று கேட்டிருந்தேன். மீண்டும் ஒருமுறை, நாம் இருவரும் அவன் பெயரைச் சொல்லிப் பேசலாமா என்று. "யோசிச்சி சொல்றேன்" என்றாள். சமைத்தாள், சிரித்தாள், என்னுடன் கல்யாணங்களுக்கு வந்தாள். அந்தப் பேச்சு மட்டும் எழவே இல்லை. நினைவூட்டல் அனுப்பும் தகுதி எனக்கு ஏது?

மூன்றாம் ஆண்டு, அவன் பிறந்த நாளன்று, சாப்பாடு பரிமாறியபடியே சொன்னாள்: "அவனை இனிமே நான் மட்டும் நெனச்சிக்கிறேங்க. உங்களாண்ட வேணாம்."

நான் கேட்டதற்குப் பதில் வந்த தேதி, மாசி ஆறு.